ஒன்று, இரண்டு, நான்கு

எங்கள் கம்பெனி போடும் போட்டித் தேர்வு கைடுகளின் அட்டையில் ‘அனுபவமிக்க பேராசிரியர் குழு’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அந்தக் குழுவைப் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு ஒரே ஒரு தலை, இரண்டே இரண்டு கை, காதுக்கு மேல் சொருகிய பென்சில் ஒன்று. அச்சுக்குக் கணினியில் பக்கம் கட்டும் என் மேஜைக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருக்கும். ஆபீசில் எல்லாரும் அந்தக் குழுவை ‘மறுகணக்கு அக்கா’ என்று கூப்பிடுவோம்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பத்தோடு இருக்கிறாள். முன்பு ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அரைப் பரீட்சைத் தாளுக்குத் தலைமையாசிரியர் தயாரித்த விடைக்குறிப்பில் இரண்டு தப்பு இருக்கிறது என்று ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். தப்பு இருந்தது உண்மை. அடுத்த வருஷம் அவளுக்கு வகுப்பு இல்லாமல் போனதும் உண்மை. அதற்குப் பிறகுதான் எங்கள் கம்பெனி. முதலாளி எங்கிருந்தெல்லாமோ கேள்விகளைத் திரட்டிக்கொண்டு வருவார், கூடவே விடைப்பட்டியலும் வரும். ஒவ்வொரு கேள்விக்கும் படிப்படியாக விளக்கம் எழுதுவதும் அந்த விடை சரியா என்று பார்ப்பதும் அக்காவின் வேலை.

அவள் வேலை செய்கிற விதத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். விடைப்பட்டியலின் மேல் ஒரு பழைய காலண்டர் அட்டையைப் போட்டு மூடிவிடுவாள். முதலில் தானே போட்டு முடிப்பாள். விடையை முன்பே பார்த்துவிட்டால் கை தானாக அதை நோக்கி வளைந்துவிடும் என்பாள். முடித்த பிறகுதான் அட்டை நகரும். ஒத்து வந்தால் ஒரு சின்ன டிக். வராவிட்டால் உடனே பட்டியலைத் திட்ட மாட்டாள். முதலில் தன்னைத்தான் சந்தேகப்படுவாள். கேள்வி எண் அதுதானா, கேள்வியைச் சரியாகப் படித்தோமா என்று பார்ப்பாள். பிறகு தான் போட்டதைப் பார்க்காமல் வேறு வழியில் ஒருமுறை போடுவாள். அப்போதும் ஒத்து வராவிட்டால் பட்டியலின் விடையை எடுத்துக் கேள்விக்குள்ளேயே திரும்ப வைத்துப் பார்ப்பாள், நிற்கிறதா என்று. கடைசியாக ஒரு வேலை செய்வாள். அந்தத் தப்பு விடை எந்தத் தப்பில் பிறந்தது என்று தேடுவாள். அதைக் கண்டுபிடித்துவிட்டால்தான் அவளுக்குத் திருப்தி, அப்போதுதான் சிவப்பு மையால் வட்டம் போடுவாள்.

இவ்வளவு ஒழுங்கான ஒருத்தியைப் பற்றி இப்போது நான் சொல்லப்போவது எனக்கே குமட்டுகிறது. அதில் எனக்கும் பங்கு இருப்பதால் கூடுதலாகக் குமட்டுகிறது.

என் மனைவி ஆறு வருஷமாக அரசு உதவியாளர் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். போன தடவை இரண்டு மதிப்பெண்ணில் கைநழுவியது. இந்தத் தடவையோடு வயது வரம்பு முடிகிறது. அடுத்த தேர்வுக்கு விண்ணப்பமே போட முடியாது. எழுதிவிட்டு வந்தவள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெம்பு வந்தது. பத்து நாள் கழித்து, தேர்வை நடத்தும் ஆணையம் தற்காலிக விடைப்பட்டியலை வெளியிட்டது. அவள் போட்ட விடைக்கும் பட்டியலுக்கும் நான்கு கேள்விகளில் ஒத்து வரவில்லை. பயிற்சி மையங்களில் கட்-ஆஃப் இவ்வளவு வரும் என்று சொன்ன எண்ணுக்கு மூன்று மதிப்பெண் கீழே அவள் நின்றாள். நான்கில் மூன்று திரும்பக் கிடைத்தால் வேலை, ஒன்று குறைந்தாலும் வீடு.

நான்கு கேள்விகளையும் எடுத்துக்கொண்டு மறுநாள் அக்காவிடம் போனேன். அக்கா சாப்பாட்டு டப்பாவை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்தாள். முதல் இரண்டைப் பார்த்ததுமே, உன் பெண்டாட்டியின் வினாத்தாள் எந்த வரிசை என்று கேட்டாள். ‘பி’ வரிசை. நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்ததோ ‘ஏ’ வரிசைப் பட்டியல். கடைசிப் பகுதியில் கேள்விகளின் இடம் மாறியிருந்தது, அதனால் வந்த குழப்பம். சரியான பட்டியலில் அந்த இரண்டும் அவள் போட்டதுதான். மூன்றாவது கேள்வியில் ‘அல்லாதது எது’ என்பதை அவள் ‘ஆனது எது’ என்று படித்திருந்தாள். அது அவள் தப்பு, போனது போனதுதான். மிஞ்சியது ஒன்று.

ஒரு கொத்தனார் ஒரு சுவரைத் தனியாகக் கட்டினால் 12 நாள். இன்னொருவர் கட்டினால் 18 நாள். முதலாமவர் தொடங்கி, ஆளுக்கு ஒரு நாளாக மாறி மாறி வேலை செய்தால் சுவர் எத்தனை நாளில் முடியும்? அ) 14½ ஆ) 14⅓ இ) 14⅖ ஈ) 15. என் மனைவி போட்டது ‘ஆ’. பட்டியல் சொன்னது ‘இ’.

அக்கா போட்டாள். சுவரை முப்பத்தாறு பங்காக வைத்துக்கொண்டால் முதலாமவர் ஒரு நாளில் மூன்று பங்கு, மற்றவர் இரண்டு பங்கு. இரண்டு நாளுக்கு ஐந்து பங்கு. பதினான்கு நாளில் முப்பத்தைந்து பங்கு முடிந்துவிடும். மிச்சம் ஒரே ஒரு பங்கு. பதினைந்தாம் நாள் முதலாமவர் முறை. அவர் நாளுக்கு மூன்று பங்கு கட்டுகிறவர், ஒரு பங்குக்கு மூன்றில் ஒரு நாள் போதும். 14⅓. விடை ‘ஆ’.

அடுத்து பட்டியலின் விடையைத் திரும்ப வைத்துப் பார்த்தாள். முதலாமவர் பதினைந்தாம் நாளில் ஐந்தில் இரண்டு பங்கு நேரம் வேலை செய்தால் மொத்தம் 180-க்கு 181 பங்கு சுவர் வருகிறது. அதாவது சுவர் முடிந்த பிறகும் அந்த மனிதர் கட்டிக்கொண்டே இருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவர்களிடம் போய் என் மனைவி வேலை கேட்கிறாளே என்று நினைத்தேன்.

கடைசி வேலை பாக்கி, தப்பு எங்கே பிறந்தது என்று பார்ப்பது. அக்கா எழுதினாள். இரண்டு நாள் வேலை 5/36, ஆகவே ஒரு நாள் வேலை 5/72, ஆகவே 72/5, அதாவது 14⅖. கடைசி நாளிலும் இரண்டு பேரும் பாதிப் பாதி நின்று வேலை செய்வதாக நினைத்துக்கொண்டு சராசரியை வைத்து வகுத்த சோம்பேறிக் கணக்கு. எழுதி முடித்ததும் அக்காவின் பென்சில் அங்கேயே நின்றது. தன் எழுத்தையே வெகு நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து அலமாரிக்குப் போனாள்.

ஆணையத்துக்கு ஆட்சேபம் தெரிவிக்க ஏழு நாள் அவகாசம். நிபந்தனை என்னவென்றால், ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் அச்சான புத்தகத்தின் பக்கத்தை ஆதாரமாக இணைக்க வேண்டும். அதனால் அலமாரியில் ஆதாரம் தேடுகிறாள் என்றுதான் நினைத்தேன். சந்தையில் இருக்கும் எல்லாக் கம்பெனி கைடும் எங்களிடம் உண்டு. அடுத்தவர்கள் எதைத் திருடினார்கள் என்று பார்க்கவும், நாங்கள் எதைத் திருடலாம் என்று பார்க்கவும் முதலாளி வாங்கி வைத்திருக்கிறார். நான்கு கைடுகளில் இதே கொத்தனார்கள் இருந்தார்கள். நான்கிலும் விடை 14⅖. நான்கிலும் விளக்கத்தின் படிகளுக்கு 1, 2, 4 என்று எண் போட்டிருந்தது. மூன்றாம் படி எதிலும் இல்லை.

நான்கு கம்பெனி, நான்கு பேராசிரியர் குழு, ஒருத்தருக்காவது மூன்று என்ற எண் எங்கே போனது என்று தோன்றவில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் தோன்றியிருக்கும். எழுத்துக்கு எழுத்து ஈயடிச்சான் காப்பி. அந்த நான்கில் முதலில் வந்தது எங்கள் கைடு. ஏழு வருஷத்துக்கு முந்தைய பதிப்பு. பக்கம் கட்டியது நான்.

மறந்துபோயிருந்தது அப்போது ஞாபகம் வந்தது. அந்தப் புத்தகத்துக்கு விடைப்பட்டியல் பக்கங்கள் முதலிலேயே அச்சாகிவிட்டன. விளக்கம் எழுதும்போது அக்கா இந்தக் கேள்விக்குச் சிவப்பு வட்டம் போட்டு முதலாளியிடம் கொண்டுபோனாள். ஒரு விடைக்காக அச்சான தாளைக் குப்பையில் போட முடியாது, பட்டியலில் இருக்கிற விடைக்கு வழி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டார். அக்கா வாக்குவாதம் செய்யவில்லை. பள்ளியில் ஒருமுறை வாக்குவாதம் செய்து பார்த்தவள் அவள். திரும்பி வந்து, பதினான்கு நாளில் முப்பத்தைந்து பங்கு என்ற மூன்றாம் படியைக் கோடு போட்டு அடித்தாள். நான்காம் படியில் 72/5 என்று எழுதினாள். அவள் அடித்ததை நீக்கிவிட்டு மீதியை நான் தட்டினேன், நான்கு என்ற எண்ணை மூன்றாக மாற்ற மறந்துபோனேன்.

விடைக்கு வழி பண்ணுவது எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற காரியம். போய்ச் சேருகிற ஊர் எது என்று முதலாளி சொல்லிவிடுவார், ரோடு போட்டுக் கொடுப்பது மட்டும் எங்கள் பொறுப்பு. ரோடு பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். மாணவர்கள் அதைப் படித்து, தங்களுக்குத்தான் புரியவில்லை என்று தலையில் குட்டிக்கொள்வார்கள். இதை நாங்கள் டீ குடித்துக்கொண்டே செய்தோம்.

இப்போது ஆணையத்தில் வினாத்தாள் தயாரித்த பெரிய மனிதர் இவற்றில் ஏதோ ஒரு கைடிலிருந்து கேள்வியையும் விடையையும் சேர்த்தே தூக்கியிருக்கிறார். அவரும் போட்டுப் பார்க்கவில்லை.

அக்கா நேராக ஆணையத்தின் அலுவலகத்துக்குப் போகலாம் என்றாள். இரண்டு பேரும் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனோம். ஆட்சேபப் பிரிவில் ஒரு அதிகாரி இருந்தார், மரியாதையாகத்தான் பேசினார். அக்கா தான் போட்ட கணக்கை அவர் முன்னால் வைத்தாள். கைடில் இருக்கும் தப்பு விளக்கத்தை எழுதியது நான்தான், அதைக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றும் சொன்னாள். அவர் தாளைத் தொடக்கூட இல்லை.

“நாங்க கணக்கு போட்டுப் பாக்கறதில்லம்மா. புத்தகத்துல என்ன இருக்குன்னுதான் குழு பாக்கும்.”

“அந்தப் புத்தகத்த எழுதினவளே தப்புன்னு சொல்றேன் சார்.”

“நீங்க சொல்றது பேச்சு. அது புத்தகம். தப்புன்னா உங்க கம்பெனிய ஒரு திருத்தம் அச்சடிச்சுத் தரச் சொல்லுங்க, அத இணைங்க, பாக்கறோம்.”

எதிரே சுவர் கட்டுகிற கணக்கு கிடக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பின்னம் தெரிந்தால் போதும், இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தைச் செலவழிக்க அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் ஒரு ஆள் கிடையாது. வெளியே வந்து படியில் நின்றபோது எனக்கு வாயில் ஏதோ கசந்தது. துப்பிவிட்டு வந்தேன்.

முதலாளியிடம் அக்காதான் பேசினாள், நான் கதவருகில் நின்றேன். கம்பெனி பெயர் போட்ட ஒரு பக்கத் திருத்தம் போதும் என்று கேட்டாள். என் மனைவியின் கடைசித் தேர்வு இது என்பதையும் சொன்னாள். முதலாளி என்னைப் பார்த்து வருத்தமாகத் தலையாட்டினார். அந்த வருத்தத்தைக் கண்டதும் காரியம் நடக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“ஒண்ணு தப்புன்னு நாமளே அச்சடிச்சா, மீதி எத்தனைன்னு கேப்பான். என்ன சொல்றது?”

“நாப்பத்தொண்ணு” என்றாள் அக்கா.

அவர் புரியாமல் பார்த்தார். அக்கா தான் வழி பண்ணிய ஒவ்வொரு கணக்கையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள், சரியான விடையும் பக்கத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. முதலாளி குரலைத் தாழ்த்தி, அந்த நோட்டை வெளியில் யாரிடமும் காட்ட வேண்டாம் என்றார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. பழைய ஃபைல் என் கணினியில்தான் கிடக்கிறது. மூன்றாம் படியைத் திரும்பச் சேர்த்து, விடையை மாற்றி, பத்து நிமிஷத்தில் அதே மாதிரி ஒரு பக்கம் எடுத்துவிடலாம். அக்காவிடம் சொன்னேன். அவள் வேண்டாம் என்றாள். குழுவின் கையில் அசல் புத்தகம் இருக்கும், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உன் பெண்டாட்டியின் தேர்வையே ரத்து செய்வார்கள் என்றாள். பொய் ஆதாரம் கூடாது என்று அவள் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற யோக்கியதை எங்களுக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

மீதி நான்கு நாளும் அக்கா நூலகத்திலேயே கிடந்தாள். கடைசியில் ஒரு அரசுப் பள்ளிப் பாடப்புத்தகத்தில், மாறி மாறி நீர் இறைக்கும் இரண்டு மோட்டார் கணக்கு ஒன்று கிடைத்தது. எண்கள் வேறு, ஆனால் கடைசி நாளில் மிச்சம் எவ்வளவு, முறை யாருடையது என்று தனியாகப் பார்க்கும் சரியான வழி அதில் அச்சாகியிருந்தது. அந்தப் பக்கத்தையும், அதே வழியில் கொத்தனார் கணக்கைப் போட்டுக் காட்டும் குறிப்பையும் இணைத்து என் மனைவி ஆட்சேபத்தை அனுப்பினாள். கைடு விஷயத்தை நான் அவளிடம் மூச்சுவிடவில்லை.

ஐந்து வாரம் கழித்து இறுதிப் பட்டியல் வந்தது, நிபுணர் குழுவின் குறிப்போடு. இந்தக் கேள்விக்கு அறுபத்து மூன்று ஆட்சேபம். மாற்றம் இல்லை. ஆட்சேபதாரர்கள் இணைத்தது வேறு கணக்கு என்றும், இதே கணக்கு நான்கு பதிப்பகங்களின் நூல்களில் ஒரே விளக்கத்தோடு இருப்பதால் விடை உறுதியாகிறது என்றும் எழுதியிருந்தார்கள். முதல் ஆதாரமாக எங்கள் கைடின் பெயரும் பக்க எண்ணும். ஒரே பொய்யை நான்கு பேர் நகல் எடுத்தால் அது நான்கு சாட்சி ஆகிவிடுகிறது. அடுத்த வாரம் முடிவு வந்தது. என் மனைவிக்கு ஒரு மதிப்பெண் குறைந்தது.

அன்றைக்கே முதலாளி என் மேஜைக்கு வந்தார். கையில் ஒரு பட்டியல். ‘எங்கள் நூலிலிருந்து அப்படியே வந்த வினாக்கள்’ என்று புதுப் பதிப்புக்குப் பின்னட்டை வேண்டுமாம். முதலாவதாகக் கொத்தனார் கணக்கு, அடியில் ‘ஆணையமே ஆதாரமாக ஏற்ற விளக்கம்’ என்று தடித்த எழுத்தில். எழுந்து போய்விட வேண்டும் என்று நினைத்தேன். போகவில்லை. அடித்துக் கொடுத்தேன். எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்றார், பெரிதாக்கிக் கொடுத்தேன். எதிர் மேஜையில் அக்கா காலண்டர் அட்டையால் விடைப்பட்டியலை மூடி அடுத்த புத்தகத்தின் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளாவது எழுந்து போவாள் என்று எதிர்பார்த்தேன். அவளும் போகவில்லை. தம்பி வீட்டில் வேலை இல்லாமல் உட்கார முடியாது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் அன்று அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. என்னைப் பார்க்கக் கண்ணாடி இல்லாதது நல்லதாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் கூப்பிடவில்லை. என் மனைவி அப்போது தன் புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தாள், எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கொடுக்க. அக்கா உட்காராமல் நின்றபடியே சொன்னாள். மூன்றாம் படியை அடித்தது, நான்காம் படியை எழுதியது, அதைப் பார்த்து மற்றவர்கள் எழுதியது எல்லாவற்றையும் ஒரு வார்த்தை கூட மென்று விழுங்காமல் சொன்னாள். முதலாளி சொன்னதால் செய்தேன் என்று மட்டும் சொல்லவில்லை.

என் மனைவி கட்டிய கயிற்றை அவிழ்த்தாள். எங்கள் கைடை வெளியே எடுத்து அந்தப் பக்கத்தைத் தேடாமலே பிரித்தாள். ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தது.

“இந்தப் பக்கத்த நான் படிச்சிருக்கேன்க்கா. ஹால்ல ஞாபகம் வந்துச்சு, விடை இ-ன்னு. ஆனா போட்டுப் பாத்தா ஆ வந்துச்சு. ரெண்டு தடவ போட்டேன். கைடு தப்புன்னு இவர்கிட்ட சொன்னா வேலைக்கு ஏதாவது ஆகுமோன்னு சொல்லல.”

அக்கா குனிந்து அந்தக் கேள்விக்குறியைப் பார்த்தாள்.

“அட்டைல பேராசிரியர் குழுன்னு இருக்கே, யாரோ எவரோ, தப்பு பண்ணியிருப்பாங்கன்னு நெனச்சேன். உங்களப் பத்தி இவர் தினமும் சொல்வார், அக்கா போட்டா தப்பவே தப்பாதுன்னு. ஆனா அந்தக் குழுவே நீங்கதான்னு சொன்னதில்ல. நீங்க எழுதினதுன்னு தெரிஞ்சிருந்தா என் கணக்க அடிச்சிட்டு இ-ன்னு போட்டிருப்பேன். மார்க்கும் கெடச்சிருக்கும்.”

அவள் குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் அக்கா தாங்கிக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பைப் போட்டாள், வலது காலுக்கு இடது செருப்பு, கழற்றி மாற்றிப் போட்டாள், போய்விட்டாள்.

என் மனைவி புத்தகங்களைத் திரும்பக் கட்டினாள். எங்கள் கைடை மட்டும் கட்டுக்குள் சேர்க்காமல் என் பக்கம் தள்ளிவைத்தாள். அந்தப் பக்கத்தைக் கணினியில் தட்டியது யார் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். இத்தனை வாரம் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்றும் கேட்கவில்லை. கேட்பாள் என்று நான் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறேன்.